சீனத்தில் ஒரு துண்டுச் சீட்டு: எளிய எழுத்தா, மரபு எழுத்தா?

கூந்தல் எண்ணெய் தயாரிக்கும் ஒரு சிறு நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். ஷாங்காய், தைபே, ஹாங்காங், சிங்கப்பூர் என்று நான்கு ஊர்க் கடைகளுக்கு பாட்டில்கள் போகப்போகின்றன. பாட்டிலோடு வைக்க, எப்படித் தேய்ப்பது என்று சொல்லும் ஒரு துண்டுச் சீட்டு சீனத்தில் வேண்டும். மொழிபெயர்ப்பாளரிடம் போனால் அவர் முதலில் கேட்பது, "எளிய எழுத்தா, மரபு எழுத்தா?" என்றுதான்.

இதற்குப் பலரும் "மாண்டரின் போதும்" என்று பதில் சொல்லிவிடுகிறார்கள். மாண்டரின் என்பது பேச்சு. அவர் கேட்டது எழுத்து. இரண்டும் தனித்தனி. குவாங்சோ நகரத்தில் வீட்டில் கான்டனீஸ் பேசுவார்கள், ஆனால் எழுதுவது எளிய எழுத்து. ஹாங்காங்கில் பேசுவதும் கான்டனீஸ்தான், எழுதுவதோ மரபு எழுத்து. தைவானில் மாண்டரின் பேசி மரபு எழுத்தில் எழுதுகிறார்கள். சிங்கப்பூரில் அதே மாண்டரினைப் பேசி எளிய எழுத்தில் எழுதுகிறார்கள். ஆகவே உங்கள் வாசகர் என்ன பேசுகிறார் என்பதை வைத்து எழுத்தைத் தீர்மானிக்க முடியாது. எந்த ஊரில் படித்து வளர்ந்தார் என்பதுதான் தீர்மானிக்கும்.

இந்தப் பிரிவு அவ்வளவு பழையது இல்லை. சீன மக்கள் குடியரசு, எழுத்தறிவைப் பரப்புவதற்காக 1956-இல் எழுத்துகளை எளிதாக்கும் திட்டத்தை வெளியிட்டது. 1964-இல் முழுப் பட்டியல் வந்தது. 1986-இல் சிறு திருத்தங்களோடு அது மறுபடி வெளியானபோது அதில் 2,235 எளிய எழுத்துகள் இருந்தன. தலை என்பதற்கான 頭 என்ற எழுத்தை எழுத 16 கோடுகள் வேண்டும். எளிய வடிவமான 头 ஐந்தே கோடுகள். எல்லா எழுத்தும் மாறிவிடவில்லை. மனிதன் 人, எண்ணெய் 油, மேலே 上 போன்றவை இரண்டிலும் ஒன்றேதான். தைவானும், அப்போது பிரிட்டன் கையில் இருந்த ஹாங்காங்கும், போர்ச்சுகல் கையில் இருந்த மக்காவும் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. அங்கே இன்றுவரை மரபு எழுத்துதான். சிங்கப்பூர் 1969-இல் 502 எளிய எழுத்துகளைக் கொண்ட சொந்தப் பட்டியலோடு தொடங்கி, 1976-இல் சீனாவின் பட்டியலோடு ஒன்றிவிட்டது. மலேசியப் பள்ளிகளிலும் எளிய எழுத்துதான், ஆனால் அங்குள்ள சீன நாளிதழ்களில் தலைப்பை மரபு எழுத்திலும் செய்தியை எளிய எழுத்திலும் அச்சிடும் வழக்கத்தைப் பார்க்கலாம்.

சரி, நம் எண்ணெய்க்கு வருவோம். ஷாங்காய்க்கும் சிங்கப்பூருக்கும் எளிய எழுத்து, தைபேக்கும் ஹாங்காங்குக்கும் மரபு எழுத்து. சீனாவைப் பொறுத்தவரை இது விருப்பம் சார்ந்ததும் இல்லை. 2001-இல் நடைமுறைக்கு வந்த தேசிய மொழி, எழுத்துச் சட்டம், உள்நாட்டில் விற்கும் பொருள்களின் உறையும் விளக்கக் குறிப்பும் அந்நாட்டின் தர எழுத்தில் இருக்கவேண்டும் என்கிறது. கையால் எழுதிய பெயர்ப்பலகை, எழுத்தோவியம், தொல்பொருள் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. 'பார்க்க அழகாக, பழமையாக இருக்கும்' என்று ஷாங்காய் சீட்டை மரபு எழுத்தில் அச்சடிப்பது அங்கே வேலைக்கு ஆகாது.

தைவான் வாசகர் எளிய எழுத்தைப் பார்த்தால் பெரும்பாலும் பொருளை ஊகித்துவிடுவார். அப்படியானால் எதற்கு இரண்டு பதிப்பு என்று கேட்கலாம். ஊகித்துப் படிக்கவேண்டிய சீட்டு, தனக்காக எழுதப்பட்டதில்லை என்று அவருக்கு உடனே தெரிந்துவிடும். தலையில் தேய்க்கும் ஒரு பொருளை வாங்குகிறவருக்கு அந்த உணர்வைக் கொடுக்கக்கூடாது என்றுதான் நான் நினைக்கிறேன். இரண்டு பதிப்புக்கும் செலவு செய்யுங்கள்.

இனிதான் பலரும் சறுக்கும் இடம். "ஒன்றைத் தயார் செய்துவிட்டு, பொத்தானை அழுத்தி மற்றதாக மாற்றிவிடலாமே?" வேர்டிலேயே சீன மொழி வசதி இருந்தால் அந்தப் பொத்தான் இருக்கிறது. அது செய்யும் வேலையைப் புரிந்துகொள்ள நம் எழுத்துச் சீர்திருத்தத்தை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். 1978-இல் தமிழ்நாடு அரசு லை, னை போன்ற எழுத்துகளின் பழைய கொம்பை எடுத்துவிட்டுப் புது வடிவம் தந்தது. ஒரு பழைய வடிவத்துக்கு ஒரு புது வடிவம். பழைய நூலைப் புது எழுத்தில் அச்சிட்டாலும், புதியதைப் பழைய எழுத்தில் அச்சிட்டாலும் எந்தக் குழப்பமும் வராது.

சீனத்தில் அப்படி இல்லை. கோடுகளைக் குறைத்ததோடு நிற்காமல், ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு மூன்று எழுத்துகளைச் சில இடங்களில் ஒன்றாகவே சேர்த்துவிட்டார்கள். 'வெளிப்படு, அனுப்பு, வழங்கு' என்று பொருள்தரும் 發 ஒரு தனி எழுத்து. தலைமுடி என்று பொருள்தரும் 髮 வேறொரு எழுத்து. இரண்டும் ஏறக்குறைய 'ஃபா' என்று ஒலிக்கும், குரலின் ஏற்ற இறக்கம் மட்டும் வேறு. எளிய எழுத்தில் இரண்டுமே 发 ஆகிவிட்டன. மரபிலிருந்து எளிமைக்கு வரும்போது இதில் ஒரு சிக்கலும் இல்லை, இரண்டு ஆறுகள் ஒரே ஏரியில் கலப்பது போல. எளிமையிலிருந்து மரபுக்குத் திரும்பும்போதுதான் சிக்கல். ஏரியில் அள்ளிய தண்ணீர் எந்த ஆற்றுத் தண்ணீர்?

நம் சீட்டின் முதல் வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். "தலை குளித்த பிறகு, சிறிதளவு கூந்தல் எண்ணெயை எடுத்து, உலர்ந்த கூந்தலில் சீராகத் தடவவும்." எளிய எழுத்தில் இது இப்படி இருக்கும்:

洗头后，取少量发油，均匀涂抹在干发上。

மரபு எழுத்தில் சரியான வடிவம் இது:

洗頭後，取少量髮油，均勻塗抹在乾髮上。

மொத்தம் 16 எழுத்துகள். இரண்டு வரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒன்பது எழுத்துகள் மாறவே இல்லை, ஏழு மாறியிருக்கின்றன. அந்த ஏழில் 头, 匀 இரண்டுக்கும் பிரச்சினை இல்லை, போக ஒரே வழிதான். மீதி ஐந்து இடங்களிலும் ஒன்றுக்கு மேற்பட்ட வழி இருக்கிறது.

后 என்ற எளிய எழுத்து 'பிறகு' என்றும் பொருள்தரும், 'அரசி' என்றும் பொருள்தரும். மரபில் பிறகு என்பது 後, அரசி என்பது 后. மாற்றாமல் விட்டால் தைவான் வாசகர் கண்ணில் 'தலை குளித்த அரசி' போலப் படும். 发 இரண்டு முறை வருகிறது. இரண்டிலும் கூந்தல்தான், ஆகவே 髮 வரவேண்டும். ஆனால் பொது உரைநடையில் 發 மிக அதிகமாக வரும் எழுத்து என்பதால், எழுத்துக்கு எழுத்து மாற்றும் சாதாரணக் கருவி 發 என்றே போட்டுவிடும். அப்போது 'கூந்தல் எண்ணெய்' என்பது 'எண்ணெயை வழங்கு' என்பது போல ஆகிவிடும். 干 இன்னும் மோசம். உலர்ந்த என்றால் 乾, செய் என்றால் 幹, தலையிடு என்றால் 干. எளிய எழுத்தில் மூன்றும் ஒன்றே. கருவி தவறுதலாக 幹 என்று போட்டுவிட்டால், தைவான் பேச்சில் அது அச்சில் வரக்கூடாத கெட்ட வார்த்தை. கூந்தல் எண்ணெய்ச் சீட்டில் 'உலர்ந்த கூந்தல்' என்ற இடத்தில் அது நிற்பதைக் கற்பனை செய்து பாருங்கள்.

ஐந்தாவது 涂, தடவு என்று பொருள். மரபில் 塗. ஆனால் இதே 涂 ஒரு குடும்பப் பெயராகவும் இருக்கிறது. பெயராக வரும்போது மரபிலும் 涂 என்றுதான் எழுதவேண்டும், மாற்றவே கூடாது. சீட்டின் அடியில் தைவான் இறக்குமதியாளரின் பெயர் வருமானால் இது உங்களைத் தேடி வரும். 范, 余, 于 என்ற குடும்பப் பெயர்களுக்கும் இதே கதைதான். கருவிகள் அவற்றை 範, 餘, 於 என்று ஆக்கிவிடக்கூடும். ஒருவருடைய பெயரைத் தவறாக அச்சிடுவது மற்றத் தவறுகளைவிட அதிகம் வலிக்கும். அதனால் பெயர்களை மட்டும் எந்தக் கருவியிலும் போடாமல், அவரே தந்த வடிவத்தில் கடைசியில் கையால் ஒட்டுங்கள்.

இதிலிருந்து ஒரு நடைமுறை முடிவு கிடைக்கிறது. இரண்டு எழுத்தும் தேவைப்படும், மொழிபெயர்ப்புக்கு ஒருமுறைதான் செலவழிக்க முடியும் என்றால், மரபு எழுத்தில் எழுதி வாங்கி அதை எளிய எழுத்துக்கு மாற்றுவது பாதுகாப்பான திசை. அந்தத் திசையிலும் சில விதிவிலக்குகள் உண்டு. 乾 வழக்கமாக 干 ஆகும், ஆனால் சியென்லொங் பேரரசரின் பெயரான 乾隆 என்பதில் எளிய எழுத்திலும் அப்படியே நிற்கும். இப்படிப்பட்டவை குறைவு, துண்டுச் சீட்டில் தலைகாட்டுவது அரிது.

எளிய எழுத்துக் கோப்பு மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால், தனித்தனி எழுத்தாகப் பார்க்காமல் சொற்சேர்க்கையாகப் பார்த்து மாற்றும் கருவி வேண்டும். ஓப்பன்சிசி என்ற இலவச நிரல் அப்படிப்பட்டது. தைவானுக்கு ஒன்று, ஹாங்காங்குக்கு ஒன்று என்று அதில் தனித்தனி அமைப்புகள் உண்டு:

```
opencc -i oil_cn.txt -o oil_tw.txt -c s2twp.json
opencc -i oil_cn.txt -o oil_hk.txt -c s2hk.json
```

முதல் கட்டளை தைவான் எழுத்து வடிவத்துக்கு மாற்றுவதோடு, தன்னிடம் உள்ள பட்டியலில் இருக்கும் சொற்களையும் தைவான் வழக்குக்கு மாற்றும். இரண்டாவது ஹாங்காங் எழுத்து வடிவங்களுக்கு. 头发 போன்ற வழக்கமான சொல் அகராதியில் இருக்கும், சரியாக வரும். 'உலர்ந்த கூந்தல்' போல நாம் சேர்த்த சேர்க்கை அகராதியில் இல்லாவிட்டால் கருவி மறுபடியும் குத்துமதிப்பாகத்தான் போடும்.

ஆகவே மாற்றிய பிறகு சரிபார்க்கவேண்டும். சீனம் தெரியாதவர்கூட இதில் பாதியைச் செய்யலாம். மாற்றிய கோப்பில் 發, 幹, 干, 后, 里, 面, 只 ஆகிய எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தேடுங்கள். கிடைக்கும் ஒவ்வொரு இடத்தையும் குறித்து, 'இங்கே இதுதானா?' என்று அந்த ஊர் வாசகர் ஒருவரிடம் கேளுங்கள். கூந்தல் பற்றிய சீட்டில் 發 என்ற எழுத்து 頭 என்பதற்கு அடுத்து நின்றால் யாரையும் கேட்கவே வேண்டாம், அது தவறு. எந்தக் கோப்பு எந்த எழுத்தில் இருக்கிறது என்றே குழம்பினால் 'இது' என்ற சொல்லைத் தேடுங்கள். 这 கிடைத்தால் எளியது, 這 கிடைத்தால் மரபு. இரண்டும் கிடைத்தால் யாரோ இரண்டு கோப்புகளைக் கலந்து ஒட்டியிருக்கிறார்கள்.

எழுத்தைச் சரியாக்கியதும் வேலை முடிந்தது போலத் தோன்றும். ஆனால் சொற்களும் ஊருக்கு ஊர் வேறு. சீட்டின் அடுத்த வரி, "ஷாம்பு போட்டுக் கழுவவும்" என்று இருக்கலாம். சீனாவில் ஷாம்பு 洗发水, தைவானில் 洗髮精. கண்டிஷனர் சீனாவில் 护发素, ஹாங்காங்கில் அதே சொல் மரபு எழுத்தில் 護髮素, தைவானில் 潤髮乳. இவை வேறு சொல்லானாலும் புரிந்துவிடும். புரிந்தும் தவறாகப் புரிகிற சொற்கள்தான் ஆபத்து. பாட்டில்களில் 质量保证 என்று ஒரு வரி போடுவது சீனாவில் வழக்கம், 'தரத்துக்கு உத்தரவாதம்' என்று பொருள். இதை அப்படியே மரபு எழுத்தில் 質量保證 என்று மாற்றினால் ஓர் எழுத்துகூடப் பிழை இல்லை. ஆனால் தைவானில் 質量 என்றால் இயற்பியல் பாடத்தில் வரும் 'நிறை'. தரம் என்பதற்கு அங்கே 品質. இந்தத் தவறை எழுத்துப்பிழை தேடுகிறவர் கண்டுபிடிக்கவே முடியாது.

அட்டவணை போடுகிறவர்களுக்கு இதில் தனியாக ஓர் எச்சரிக்கை சொல்லவேண்டும். 行, 列 என்ற இரண்டு சொற்களில் சீனாவில் 行 கிடைவரிசை, 列 நெடுவரிசை. தைவானில் இது நேர் எதிர், கிடைவரிசைதான் 列. 'மூன்றாம் வரிசையைப் பார்க்கவும்' என்ற குறிப்பை எழுத்து மட்டும் மாற்றி அனுப்பினால் வாசகர் மூன்றாம் நெடுவரிசையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஹாங்காங்கும் தைவானும் ஒரே மரபு எழுத்துதானே, ஒரே சீட்டு போதாதா? பணம் நெருக்கடி என்றால் இப்படிச் சிறிய சீட்டுக்கு ஒன்றை வைத்து ஒப்பேற்றலாம். ஆனால் சில எழுத்துகளின் வடிவத் தேர்வே வேறு. 'உள்ளே' என்பதைத் தைவானில் 裡 என்றும் ஹாங்காங்கில் 裏 என்றும் எழுதுவதே வழக்கம். மென்பொருள் என்பது தைவானில் 軟體, ஹாங்காங்கில் 軟件. தொழில்நுட்பக் கையேடு என்றால் கட்டாயம் இரண்டாகப் பிரியுங்கள். சிங்கப்பூருக்கும் இதே மாதிரி யோசிக்கவேண்டும். சீனாவில் டாக்ஸி 出租车, சிங்கப்பூரில் 德士. அன்னாசி சீனாவில் 菠萝, சிங்கப்பூரில் 黄梨. எழுத்து ஒன்றாக இருப்பதால் சீனப் பதிப்பையே சிங்கப்பூருக்கு அனுப்பிவிடுவார்கள். நம் எண்ணெய்ச் சீட்டுக்கு அது போதும் என்றே நினைக்கிறேன், தேங்காய் எண்ணெய் எல்லா ஊரிலும் 椰子油தான். அரசு அறிவிப்பு, வீட்டு ஒப்பந்தம் போன்றவற்றுக்குப் போதாது.

சீனர்கள் குடியேறிய மற்ற நாடுகளுக்கு நாட்டுப் பெயரை வைத்து ஒரு விதி சொல்ல முடியாது. ஹாங்காங், தைவானிலிருந்து வந்தவர்கள் அதிகம் உள்ள பகுதிக்கு மரபு, அண்மைக் காலத்தில் சீனாவிலிருந்து வந்த மாணவர்கள், குடும்பங்களுக்கு எளியது. ஆஸ்திரேலிய அரசுத் துறைகள் தங்கள் தகவல் தாள்களை இரண்டிலும் தனித்தனியாகவே வெளியிடுகின்றன. மொழித் தேர்வுப் பட்டியல் வைப்பதானால் 'சீனம்' என்று ஒன்றை மட்டும் வைக்காமல் 简体中文, 繁體中文 என்று இரண்டையும் அந்தந்த எழுத்திலேயே வையுங்கள், வாசகர் தன்னுடையதைப் பார்த்ததும் தொட்டுவிடுவார்.

கடைசியாக எழுத்துரு. ஒரே கணினிக் குறியீடு கொண்ட எழுத்துகூட ஊருக்கு ஊர் சற்று வேறு வடிவத்தில் அச்சாகும். எலும்பு என்பதற்கான 骨 என்ற எழுத்தின் மேல் பெட்டிக்குள் இருக்கும் சிறு மூலை சீன எழுத்துருவில் ஒரு பக்கமும் தைவான் எழுத்துருவில் மறுபக்கமும் இருக்கும். எழுத்து சரி, சொல் சரி, எழுத்துரு மட்டும் தவறு என்றால் 'இது எங்கோ வெளியூரில் செய்தது' என்ற தோற்றம் வந்துவிடும். நோட்டோ குடும்பத்தில் எளிய எழுத்துக்கு `Noto Sans SC`, தைவானுக்கு `Noto Sans TC`, ஹாங்காங்குக்கு `Noto Sans HK` என்று தனித்தனியாக இருக்கின்றன. இணையப் பக்கமானால் `zh-Hans`, `zh-Hant-TW`, `zh-Hant-HK` என்ற மொழிக் குறிகளைச் சரியாகக் கொடுத்தால் உலாவி பொருத்தமான எழுத்துருவைத் தேர்ந்துகொள்ளும்.

அச்சுக்கு அனுப்புமுன் திரையில் பெரிதாக்கி இரண்டு இடங்களைப் பாருங்கள். வரிக்கு நடுவில் ஓரிரு எழுத்துகள் மட்டும் தடித்தோ மெலிந்தோ தெரிந்தால், நீங்கள் தேர்ந்த எழுத்துருவில் அவை இல்லை, கணினி வேறு எழுத்துருவிலிருந்து கடன் வாங்கியிருக்கிறது. எளிய எழுத்துக்கான எழுத்துருவில் மரபு வாசகத்தை ஒட்டினால் இது அடிக்கடி நடக்கும். அப்புறம் காற்புள்ளியைப் பாருங்கள். சீன அச்சில் அது தன் கட்டத்தின் இடது கீழ் மூலையில் உட்காரும். தைவான், ஹாங்காங் அச்சில் கட்டத்தின் நடுவில் நிற்கும். தைபே சீட்டில் காற்புள்ளி மூலைக்குப் போயிருந்தால், ஷாங்காய் சீட்டின் எழுத்துரு இன்னும் மாறவில்லை.